நோக்கம் கேட்ட கேள்விக்கு முடிவு பதில் சொல்கிறதா?
ஓர் ஆய்வுச் சுருக்கத்தைத் திருத்தி எழுதுதல்

பாம்பு கடித்தவரைக் காப்பாற்றும் மருந்தே சில வேளை அவரைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். இலங்கையில் கண்ணாடி விரியன், நாகம் போன்றவற்றின் கடிக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. அந்த அந்நியப் புரதத்தைக் கண்டதும் நோயாளியின் உடல் கொந்தளிக்கலாம். தடிப்பு, வாந்தி, நடுக்கம் என்று தொடங்கி, மூச்சுக்குழாய் இறுகி, இரத்த அழுத்தம் சரிந்துவிடுவதும் உண்டு. ஆகவே மருந்தை ஏற்றுவதற்குச் சற்று முன்பு வேறொரு மருந்தைக் கொடுத்து இந்தக் கொந்தளிப்பைத் தடுக்க முடியுமா என்பது நம் நாட்டுக் கிராமப்புற வைத்தியசாலைகளில் நள்ளிரவில் எழும் கேள்வி.

இதற்குப் பதில் தேடிய மிகப் பெரிய ஆய்வு இலங்கையிலேயே நடந்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தைச் சேர்ந்த அசித்த டி சில்வாவும் அவருடைய சகாக்களும் செய்த அந்த ஆய்வு 2011ஆம் ஆண்டு ‘பிளொஸ் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. 1,007 நோயாளிகள் பங்குபற்றினார்கள். அட்ரினலின், புரோமெத்தசீன், ஹைட்ரோகோட்டிசோன் ஆகிய மூன்று மருந்துகள் சோதிக்கப்பட்டன. ஆய்வு நேர்த்தியானது, அதன் சுருக்கமும் பல சுருக்கங்களைவிட நன்றாக எழுதப்பட்டது. அதனால்தான் அதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மோசமாக எழுதப்பட்ட ஒன்றைத் திருத்துவதில் கற்பதற்கு அதிகம் இல்லை. நன்றாக எழுதப்பட்ட சுருக்கத்திலும் நோக்கமும் முறையும் முடிவும் எங்கே ஒன்றைவிட்டு ஒன்று நழுவுகின்றன என்று பார்ப்பதே பயனுள்ளது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து மருத்துவம், பொதுச் சுகாதாரம், விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் தங்கள் முதல் ஆய்வுச் சுருக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அவற்றில் அடிக்கடி காணும் நடையில் இந்தப் பாம்புக்கடி ஆய்வைச் சுருக்கினால் எப்படியிருக்கும் என்று நானே எழுதிப் பார்க்கிறேன். இது மூலக் கட்டுரையாளர்கள் எழுதியதல்ல.

“பாம்புக்கடி வெப்பமண்டல நாடுகளில் முக்கியமான பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகும். விஷமுறிவு மருந்தின் பக்கவிளைவுகள் சிகிச்சைக்குச் சவாலாக உள்ளன. இந்த ஆய்வில் பல்வேறு முற்சிகிச்சை மருந்துகளின் பங்கு ஆராயப்பட்டது. நோயாளிகள் எழுமாறாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு அவதானிக்கப்பட்டனர். பெரும்பாலானோரில் எதிர்விளைவுகள் காணப்பட்டன. ஒரு மருந்து புள்ளிவிபர ரீதியாகக் குறிப்பிடத்தக்க பயனைக் காட்டியது. பெறுபேறுகள் விரிவாகக் கலந்துரையாடப்படுகின்றன. மேலதிக ஆய்வுகள் தேவை.”

இதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வைத்தியரின் கை எந்த ஊசியை நோக்கியும் நீளாது. முதல் இரண்டு வாக்கியங்கள் எந்தப் பாம்புக்கடிக் கட்டுரையின் தலையிலும் வைக்கக்கூடியவை. கடைசி இரண்டும் எந்த ஆய்வின் வாலிலும் ஒட்டக்கூடியவை. நடுவில் இருக்கும் நான்கில் மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, எதைத் தடுக்க முயன்றார்கள் என்பதும் இல்லை.

இப்படிப்பட்ட சுருக்கத்தைத் திருத்தும்போது பலர் மொழியிலிருந்து தொடங்குகிறார்கள். வாக்கியத்தைக் குறைக்கிறார்கள், சொல்லை மாற்றுகிறார்கள். நான் முதலில் தேடச் சொல்வது ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைத்த முதன்மை அளவுகோலை. நெறிமுறைக் குழுவிடம் கொடுத்த ஆய்வுத் திட்டத்தில் அது இருக்கும். எதை, யாரில், எத்தனை மணித்தியாலத்துக்குள் அளப்போம் என்று ஆய்வாளர் அங்கே வாக்குக் கொடுத்திருப்பார். சுருக்கத்தின் நோக்கமும் முடிவும் அந்த ஒரே வாக்கின் இரு பக்கங்கள். அதைக் கையில் எடுக்காமல் எவ்வளவு மெருகேற்றினாலும் சுருக்கம் தெளியாது.

இந்த ஆய்வில் அந்த வாக்கு மிகத் திட்டமாக இருந்தது: விஷமுறிவு மருந்து கொடுத்து 48 மணித்தியாலத்துக்குள் கடுமையான எதிர்விளைவு ஏற்படுவதை இந்த மருந்துகள் எவ்வளவு மாற்றுகின்றன? இதில் இரண்டு எல்லைகள் இருக்கின்றன. ஒன்று ‘கடுமையான’ என்பது. இலேசான தடிப்பும் நடுத்தரமான வாந்தியும் இந்தக் கணக்கில் வரா. மற்றது 48 மணித்தியாலம். வெளிவந்த சுருக்கத்தில் நோக்கத்தைச் சொல்லும் பகுதி, மருந்துகள் ‘இத்தகைய எதிர்விளைவுகளைத்’ தடுக்கின்றனவா என்று பொதுவாகக் கேட்கிறது. இந்த இரண்டு எல்லைகளும் முறையைச் சொல்லும் பகுதியின் கடைசி வாக்கியத்தில்தான் வருகின்றன. கவனமாகப் படிப்பவர் இரண்டையும் சேர்த்துக்கொள்வார். அவசரத்தில் படிப்பவர் எல்லா எதிர்விளைவும் குறைந்ததாக நினைத்துக்கொள்வார். எல்லைகள் இரண்டையும் நோக்க வாக்கியத்துக்கே ஏற்றிவிட்டால் இந்தச் சறுக்கல் நேராது. இடமும் மிச்சப்படும், பின்னால் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

முறைக்கு வருவோம். இந்த ஆய்வின் வடிவம் ‘2×2×2’ என்று குறிக்கப்படுகிறது. துறைசார்ந்தவருக்கு அது போதும், மற்றவருக்கு அது வெறும் பெருக்கல். நடந்தது இதுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் உண்மையான மருந்தோ அதைப் போலவே தோன்றும் போலி மருந்தோ வரும். எது வரும் என்பதை எழுமாறு தீர்மானிக்கும். ஆக எட்டுச் சேர்க்கைகள். மூன்றும் உண்மையாகப் பெற்றவர்கள் ஒரு முனை, மூன்றும் போலியாகப் பெற்றவர்கள் மறுமுனை, இடையில் ஆறு வகை. யாருக்கு எது போனது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது.

இந்த வடிவத்தின் அழகு என்னவென்றால், ஒவ்வொரு மருந்துக்கும் எல்லா நோயாளிகளும் சாட்சி சொல்கிறார்கள். அட்ரினலினைப் பற்றிக் கேட்டால் எட்டில் நான்கு குழுக்கள் அதைப் பெற்றவை, நான்கு பெறாதவை. இரு பக்கமும் ஏறத்தாழ ஐந்நூறு பேர். புரோமெத்தசீனைப் பற்றிக் கேட்டால் அதே ஆயிரம் பேரும் வேறு விதமாக இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். சுருக்கத்தில் ‘2×2×2’ என்று மட்டும் எழுதினால், அட்ரினலின் மட்டும் பெற்ற குழுவை மூன்றும் போலியாகப் பெற்ற குழுவோடு ஒப்பிட்டார்கள் என்று வாசகர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ‘அட்ரினலின் பெற்ற எல்லாரையும் பெறாத எல்லாரோடும்’ என்ற சில சொற்கள் அந்த ஐயத்தை நீக்கும். முறைப் பகுதியில் சொற்களை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம்பிடிப்பது என்பதற்கு என் அளவுகோல் இதுவே: முடிவில் வரப்போகும் எண்ணை வாசகர் சரியாகப் புரிந்துகொள்ளத் தேவையான விவரம் உள்ளே வரவேண்டும். எந்த மென்பொருளில் கணக்கிட்டார்கள் என்பது உள்ளே வரவேண்டியதில்லை. மருந்தின் அளவு கட்டாயம் வரவேண்டும். அட்ரினலின் ஆயிரத்தில் ஒன்று என்ற கரைசலில் 0.25 மில்லிலீற்றர், தோலுக்கடியில். புரோமெத்தசீன் 25 மில்லிகிராம், ஹைட்ரோகோட்டிசோன் 200 மில்லிகிராம், இரண்டும் நாளத்தினூடாக. அட்ரினலினின் அளவும் வழியும் மாறினால் பயன் ஆபத்தாக மாறிவிடும். வெளிவந்த சுருக்கம் இவற்றைத் தவறாமல் சொல்கிறது, அதைப் பின்பற்ற வேண்டும்.

கண்டறிந்ததைச் சொல்லும் பகுதியில்தான் அதிக வேலை இருக்கிறது. வெளிவந்த சுருக்கம் சொல்வதன் சாரம் இது. 1,007 பேரில் 752 பேருக்கு, அதாவது 75 சதவீதத்தினருக்கு, ஏதோவோர் எதிர்விளைவு ஏற்பட்டது. அவற்றில் 9 சதவீதம் இலேசானவை, 48 சதவீதம் நடுத்தரமானவை, 43 சதவீதம் கடுமையானவை. 89 சதவீதம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் நிகழ்ந்தன. எல்லா நோயாளிகளிலும் 40 சதவீதத்தினருக்கு அந்த முதல் மணித்தியாலத்தில் அவசர மீட்பு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அட்ரினலின் கடுமையான எதிர்விளைவுகளை ஒரு மணித்தியாலத்தில் 43 சதவீதமும், 48 மணித்தியாலம் வரை 38 சதவீதமும் குறைத்தது. மற்ற இரண்டும் குறைக்கவில்லை. ஹைட்ரோகோட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் பயன் இல்லாமற்போனது.

43 என்ற எண் அடுத்தடுத்து இரு முறை வருவதைக் கவனியுங்கள். முதலாவது, எதிர்விளைவு ஏற்பட்டவர்களில் கடுமையாக ஏற்பட்டவர்களின் பங்கு. இரண்டாவது, அட்ரினலினால் ஏற்பட்ட குறைப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு எண்கள் தற்செயலாக ஒன்றாகிவிட்டன. முதலாவதன் அடிப்படையும் வழுக்கக்கூடியது. 752 பேரில் 43 சதவீதம் என்றால் ஏறத்தாழ 323 பேர், மொத்த 1,007 பேரில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரே பத்தியில் 75 சதவீதம் எல்லாரையும் கொண்டு கணக்கிடப்பட்டது, 43 சதவீதம் எதிர்விளைவு வந்தவர்களை மட்டும் கொண்டு கணக்கிடப்பட்டது, 40 சதவீதம் மீண்டும் எல்லாரையும் கொண்டு. ஒவ்வொன்றும் சரியானதே. ஆனால் அடிப்படை இப்படி மாறி மாறி வரும்போது வாசகர் எதை எதோடு ஒப்பிடுவது என்று தடுமாறுவார். கடுமையானவற்றைப் பற்றித்தான் ஆய்வு கேட்டது என்பதால், ‘ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கடுமையான எதிர்விளைவு’ என்ற ஒரே வாக்கியம் போதும். இலேசானவையும் நடுத்தரமானவையும் கட்டுரைக்குள் இருக்கட்டும்.

அடுத்தது வரிசை. ஆய்வு வாக்குக் கொடுத்தது 48 மணித்தியாலத்துக்கு. அதற்கான பதில் 38 சதவீதம், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 26 முதல் 49 வரை. சுருக்கத்தில் முதலில் நிற்பதோ ஒரு மணித்தியாலத்து 43 சதவீதம், அதன் இடைவெளி 25 முதல் 67 வரை. ஒரு மணித்தியாலத்து எண்ணைச் சொல்வதற்கு நல்ல மருத்துவக் காரணம் இருக்கிறது. எதிர்விளைவுகளில் பெரும்பாலானவை அதற்குள் நிகழ்ந்துவிடுகின்றன. அதன்பின் பலருக்கு மீட்பு மருந்தாக அதே அட்ரினலின் போய்விடுவதால், பின்னைய மணித்தியாலங்களில் இரு பக்கங்களுக்குமிடையிலான வேறுபாடு மங்குகிறது. ஆனாலும் முன்கூட்டியே அறிவித்த அளவுகோலின் பதில்தான் முதலில் நிற்க வேண்டும். பெரிய எண் முன்னாலும் வாக்குக் கொடுத்த எண் பின்னாலும் நின்றால், வாசகர் முன்னதையே நினைவில் வைத்துக்கொள்வார். இந்த ஆய்வில் இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதால் கேடில்லை. முதன்மை அளவுகோலில் பயன் தெரியாமல் துணை அளவுகோல் ஒன்றில் மட்டும் தெரியும் ஆய்வுகளில் இதே வரிசை மாற்றம் வாசகரை நேரே தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். அது அருமையாக நடப்பதல்ல. முதன்மை அளவுகோலில் பயன் காணாத 72 மருத்துவப் பரிசோதனைகளை இசபெல் பூத்ரோனும் சகாக்களும் 2010இல் ஆராய்ந்தபோது, அவற்றில் 58 சதவீதமானவற்றின் சுருக்கத்தில் முடிவுரை உண்மைப் பெறுபேற்றைவிடச் சாதகமாகத் திரிக்கப்பட்டிருந்தது.

38 சதவீதக் குறைப்பு என்பது ஒப்பீட்டுக் குறைப்பு. எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்பது அதில் தெரியாது. இலங்கையிலேயே பிரேமவர்தனவும் சகாக்களும் 1999இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்ட சிறிய ஆய்வின் சுருக்கம் இதில் முன்மாதிரி. 105 நோயாளிகளில், அட்ரினலின் பெற்றவர்களில் 6 பேருக்கு (11 சதவீதம்), பெறாதவர்களில் 21 பேருக்கு (43 சதவீதம்) எதிர்விளைவு ஏற்பட்டது என்று அது இரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறது. படித்தவுடனே, என் வார்ட்டில் எத்தனை பேர் தப்புவார்கள் என்று ஒரு வைத்தியர் மனக்கணக்குப் போட முடியும். ஆனால் அங்கே எண்ணப்பட்டவை இலேசானவை உட்பட எல்லா எதிர்விளைவுகளும். அளவுகோலின் பெயரைச் சொல்லாமல் இந்த இரு ஆய்வுகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு பிழைத்துவிடும். மருத்துவப் பரிசோதனைகளின் சுருக்கங்களுக்காக 2008இல் வந்த ‘கொன்சோர்ட்’ நெறிமுறையும் இதையே கேட்கிறது: முதன்மை அளவுகோலுக்கு ஒவ்வொரு குழுவின் பெறுபேறு, வேறுபாட்டின் அளவு, அதன் துல்லியம்.

ஹைட்ரோகோட்டிசோன் பற்றிய ஒற்றை வாக்கியம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வெளிவந்த சுருக்கத்தில் அது பெறுபேறுகளின் கடைசியில் ஒரு சிறு வாக்கியம். முடிவுரையில் அது இல்லவே இல்லை. ஆனால் ஒவ்வாமை என்றாலே ஹைட்ரோகோட்டிசோனைக் கையில் எடுப்பது நம் வைத்தியசாலைகளில் ஊறிய பழக்கம். அட்ரினலின் உதவும் என்று மட்டும் படித்தவர், பழக்கப்படி இரண்டையும் சேர்த்தே கொடுப்பார். அந்தச் சேர்க்கையில்தான் பயன் போய்விட்டதாக ஆய்வு சொல்கிறது. தவிர, ஒரு மருந்து மற்றதன் விளைவை மாற்றுமானால், பெற்ற எல்லாரையும் பெறாத எல்லாரோடும் ஒப்பிட்டு எடுக்கும் எண் இரு வேறு நிலைமைகளின் சராசரியாகிவிடும். இந்த வடிவ ஆய்வின் வலிமை நிற்பது மருந்துகள் தத்தம் வழியில் தனித்தனியாகச் செயற்படும் என்ற எதிர்பார்ப்பின் மேல். அது பிழைக்கும் இடத்தை வாசகருக்குக் காட்டாமல் விடக்கூடாது. அதேவேளை இது முதன்மைக் கேள்வியின் பதில் அல்ல, ஆகவே முதல் வாக்கியமாகவும் வரக்கூடாது. முதன்மை முடிவுக்கு அடுத்தபடியாக ஒரு முறை, முடிவுரையில் இன்னொரு முறை என்று வைப்பதே சரி என்பது என் தீர்ப்பு.

இவற்றையெல்லாம் வைத்து, வெளிவந்த சுருக்கத்தில் உள்ள தகவல்களையே கொண்டு திருத்தி எழுதினால் இப்படி வரும்:

“நோக்கம்: பாம்பு விஷமுறிவு மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன்பு அட்ரினலின், புரோமெத்தசீன், ஹைட்ரோகோட்டிசோன் ஆகியவற்றைக் கொடுத்தால், அடுத்த 48 மணித்தியாலத்துக்குள் கடுமையான எதிர்விளைவு ஏற்படுவது குறைகிறதா என்று அறிதல்.

முறை: இலங்கையின் இரண்டாம் நிலை வைத்தியசாலைகளில் 1,007 நோயாளிகள் எழுமாறாகவும் இரு தரப்பும் அறியாமலும் எட்டுக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அட்ரினலின் (1:1,000 கரைசல் 0.25 மி.லீ., தோலுக்கடியில்), புரோமெத்தசீன் (25 மி.கி., நாளத்தினூடாக), ஹைட்ரோகோட்டிசோன் (200 மி.கி., நாளத்தினூடாக) ஒவ்வொன்றும் உண்மையாகவோ போலியாகவோ எல்லாச் சேர்க்கைகளிலும் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு மருந்துக்கும் அதைப் பெற்ற எல்லாரும் பெறாத எல்லாரோடும் ஒப்பிடப்பட்டனர். குறைந்தது 96 மணித்தியாலம் அவதானிக்கப்பட்டனர்.

பெறுபேறு: மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கடுமையான எதிர்விளைவு ஏற்பட்டது. 48 மணித்தியாலத்துக்குள் அட்ரினலின் அதை 38 சதவீதம் குறைத்தது (95 சதவீத நம்பிக்கை இடைவெளி 26–49). முதல் மணித்தியாலத்தில் குறைப்பு 43 சதவீதம் (25–67). புரோமெத்தசீனும் ஹைட்ரோகோட்டிசோனும் குறைக்கவில்லை. ஹைட்ரோகோட்டிசோனோடு சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பயன் காணப்படவில்லை.

முடிவு: விஷமுறிவு மருந்துக்கு முன் குறைந்த அளவு அட்ரினலின் கொடுப்பது பாதுகாப்பானது, கடுமையான எதிர்விளைவைக் குறைக்கிறது. ஹைட்ரோகோட்டிசோனை அதோடு சேர்ப்பது அந்தப் பயனை நீக்கிவிடலாம்.”

இது இன்னும் முழுமையடையவில்லை. கட்டுரையின் அட்டவணையில் உள்ள இரு பக்க எண்ணிக்கைகளை 38 சதவீதத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அதைச் செய்யும்போது ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அது எந்த அட்டவணையின் எந்த வரியிலிருந்து வந்தது என்று பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. ரோய் பிட்கின் 1999இல் ஆறு பெரிய மருத்துவ இதழ்களின் சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார். கட்டுரையோடு பொருந்தாத அல்லது கட்டுரையிலேயே இல்லாத தகவல் கொண்ட சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. காரணம் பெரும்பாலும் எளியதுதான் என்று நினைக்கிறேன். சுருக்கம் ஒருமுறை எழுதப்படுகிறது, கட்டுரை பலமுறை திருத்தப்படுகிறது, சுருக்கத்துக்கு யாரும் திரும்பிப் போவதில்லை.

‘நோக்கம்’, ‘முறை’ என்று தலைப்பிட்டு எழுதும் வழக்கம் 1987இல் ‘அனல்ஸ் ஒஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் பிரயன் ஹேய்ன்ஸ் முதலானோர் முன்வைத்தது. இன்று மருத்துவ இதழ்கள் பலவும் அதைக் கேட்கின்றன. தலைப்புகள் உதவும். ஆனால் மேலே நான் எழுதிய மங்கலான சுருக்கத்துக்கும் தலைப்புகளைப் போட்டுவிட முடியும், அதனால் அது தெளிந்துவிடாது.

தெளிந்ததா என்று பார்க்க நான் நம்பும் வழி ஒன்றுதான். துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து, தாளை வாங்கிவிட்டுக் கேட்பது. எங்கள் கொட்டாஞ்சேனையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் எந்த வீட்டிலும் இருப்பார்கள். அப்படியொரு பிள்ளையிடம் மங்கலான வடிவத்தைக் கொடுத்து, “என்ன கண்டுபிடிச்சிருக்கினம், தங்கச்சி?” என்று கேட்டேன். “பாம்புக்கடிக்கு ஏதோ மருந்து நல்லதாம், சேர்” என்றாள். எந்த மருந்து, எதற்கு நல்லது என்று கேட்டபோது தாளைத் திரும்பக் கேட்டாள். திருத்திய வடிவத்தைக் கொடுத்தபின், “விஷத்துக்குக் குடுக்கிற மருந்தால வாற கடும் ஒவ்வாமையைக் குறைக்க அட்ரினலின் முதல்ல குடுக்கலாம், ஆனா மற்ற ஊசியைச் சேர்க்கப்படாது” என்றாள். ‘சேர்க்கப்படாது’ என்பது ஆய்வு சொல்வதைவிட உறுதியானது. ‘நீக்கிவிடலாம்’ என்று நான் எழுதியது அவளிடம் தடையாக மாறியிருந்தது. இந்த ஆய்வு அந்தச் சேர்க்கையைச் சோதிக்கவென்றே அமைக்கப்படவில்லை என்பதை இன்னும் தெளிவாகக் காட்ட, முடிவுரையின் கடைசி வாக்கியத்தை ‘இந்தச் சேர்க்கை தனியாகச் சோதிக்கப்பட வேண்டும்’ என்று முடிக்கலாம். ‘மேலதிக ஆய்வுகள் தேவை’ என்ற தேய்ந்த வாக்கியத்துக்கு நியாயமான இடம் இதுதான், எந்த ஆய்வு தேவை என்று சொல்லும்போது மட்டும்.

ஆய்வு மாணவர்களிடமும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களிடமும் நான் கேட்பது இதுதான். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே நோக்க வாக்கியத்தை எழுதுங்கள். அதன் கீழ் பெறுபேற்று வாக்கியத்தையும், எண்ணுக்கு மட்டும் வெற்றிடம் விட்டு, எழுதிவையுங்கள். ஆய்வு முடிந்ததும் அந்த வெற்றிடத்தை நிரப்புங்கள், எண் எதுவாக வந்தாலும் வாக்கியத்தை மாற்றாதீர்கள்.